கண்ணாடி நீக்கும் லேசர், கண்புரை லென்ஸ்: பாலிசி பணம் எங்கே நிற்கிறது, கைப்பணம் எங்கே தொடங்குகிறது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து கண் அறுவைக்காகக் கோயம்புத்தூர் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் தவறு செய்கிறார்கள். முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து லென்ஸ், கடைசியில் பாலிசி. டிஸ்சார்ஜ் நேரத்தில்தான் "இவ்வளவுதான் வரும்" என்ற செய்தி கிடைக்கிறது. அப்போது லென்ஸ் கண்ணுக்குள் போய்விட்டிருக்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். மருத்துவக் காப்பீடு நோயைத் தீர்ப்பதற்குப் பணம் தரும். கண்ணாடியைக் கழற்றுவதற்குத் தராது. கண்புரை நோய், அதனால் அதை எடுக்கப் பணம் வரும். கண்புரையை எடுக்கும்போதே கண்ணாடியும் வேண்டாம் என்று போடும் விலை உயர்ந்த லென்ஸில், அந்த "கண்ணாடி வேண்டாம்" பகுதியை நிறுவனம் தன் செலவாக எடுத்துக்கொள்வதில்லை. கீழே வரும் கணக்கெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

## 1. மலையிறங்கும் முன் பாலிசியில் நான்கு இடங்களைப் படியுங்கள்

ஏஜென்ட் கொடுத்த ஒரு பக்கச் சுருக்கம் போதாது. முழு பாலிசி ஆவணத்தின் பிடிஎஃப் வேண்டும். செல்போனில் திறந்து, தேடும் பெட்டியில் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக அடியுங்கள்.

முதலாவது `Excl15`. பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சைக்கான விலக்கு இது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாகக் கொடுத்த வாசகம் என்பதால் எந்த பாலிசியிலும் ஏறத்தாழ இதேபோல்தான் இருக்கும்: 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் செலவு கிடையாது. இந்த 7.5 எங்கே மாட்டிவிடும் என்பதை மூன்றாம் பகுதியில் பார்க்கலாம்.

இரண்டாவது `Excl02`. குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம். கண்புரை பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருக்கும், பெரும்பாலும் 24 மாதம். பாலிசி எடுத்து 22 மாதம் ஆனவர் இரண்டு மாதம் பொறுத்தால் பணம் வரும். அவசரப்பட்டால் ஒரு ரூபாயும் வராது. கண்புரையில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் புரை முற்றி கண் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால் பாலிசித் தேதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

மூன்றாவது `cataract` என்ற சொல். கண் ஒன்றுக்கு எவ்வளவு என்ற உச்சவரம்பு அங்கே இருக்கும். எல்லா நிறுவனங்களும் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது, ஒரு பாலிசி ஆண்டில் ஒவ்வொரு கண்ணுக்கும். ஒரு லட்ச ரூபாய் பாலிசி வைத்திருப்பவருக்கு இது 25,000தான். ஐந்து லட்சம் வைத்திருந்தாலும் 40,000ஐத் தாண்டாது. பெரிய தொகைக்கு பாலிசி எடுத்திருக்கிறோம், கண்ணுக்கும் பெரிதாக வரும் என்று நம்பி ஏமாறுவது இந்த வரியைப் படிக்காததால்தான்.

நான்காவது `co-pay`. ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் போட வேண்டிய பங்கு. ஆரோக்ய சஞ்சீவனியில் 5 சதவீதம். மூத்த குடிமக்களுக்கான சில பாலிசிகளில் இது பல மடங்கு கூடுதல்.

அரசு ஊழியர், ஓய்வூதியர் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் கண்புரைக்குத் தனி உச்சவரம்பு உண்டு. கருவூலம் வழியாகக் கொடுத்த அட்டையோடு வந்த அரசாணையில் அது இருக்கும். வெலிங்டன், அருவங்காடு பக்கத்து முன்னாள் படைவீரர்களும் தொழிற்சாலை ஓய்வூதியர்களும் தங்கள் திட்டத்தின் பரிந்துரைக் கடிதத்தை முதலில் வாங்க வேண்டும். கடிதத்துக்கு முன்பே அறுவை செய்துகொண்டால் பின்னால் பணம் வாங்குவது மிகக் கடினம்.

## 2. "லேசர்" என்று சொன்னால் எந்த லேசர் என்று கேளுங்கள்

மலையில் எந்த வீட்டில் கேட்டாலும் "லேசர் வைத்து கண் ஆபரேஷன்" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வேறு வேலைகள் இருக்கின்றன. பணம் எவ்வளவு வரும் என்பதும் அதைப் பொறுத்தே மாறும்.

இளவயதில் கண்ணாடியை நீக்க, கருவிழியின் வளைவை லேசரால் செதுக்குவது ஒன்று. லாசிக், ஸ்மைல், பிஆர்கே எல்லாம் இந்த வகை.

வயதானபின் கண்புரையை எடுப்பது இன்னொன்று. வழக்கமாகச் செய்யும் பேக்கோ முறையில் லேசரே கிடையாது. சுமார் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் கீறல் வழியாக மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். தையல் இல்லாததால் மக்கள் அதை லேசர் என்று அழைக்கிறார்கள்.

கண்புரை அறுவையின் சில கட்டங்களை மட்டும் ஃபெம்டோ லேசரால் செய்வது மூன்றாவது. இதற்குத் தனியாகப் பெரிய தொகை கேட்பார்கள். அந்தக் கூடுதலைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. சாதாரணக் கண்புரையில் கைதேர்ந்த டாக்டர் பேக்கோவில் தரும் பார்வையைவிட இது பெரிதாக எதையும் கூட்டுவதில்லை என்பதால், கையில் இருக்கும் பணத்தை இதில் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

நான்காவது யாக் லேசர். கண்புரை அறுவை முடிந்து சில மாதமோ சில வருடமோ கழித்து, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பை மங்கினால், அதில் சிறு துளை போடுவது. சில நிமிட வேலை.

ஆஸ்பத்திரியில் பேக்கேஜை விளக்கும் கவுன்சிலர் "லேசர் பேக்கேஜ்" என்று சொன்னால் நேராகக் கேளுங்கள்: "மேடம், இது பேக்கோவா, ஃபெம்டோவா? எஸ்டிமேட்டில் எப்படி எழுதுவீர்கள்?" எஸ்டிமேட்டில் எழுதியிருப்பதைத்தான், நிறுவனத்துக்காகக் கிளெய்மைச் சரிபார்க்கும் டிபிஏ பார்க்கும்.

## 3. கண்ணாடி நீக்கும் லேசர்: 7.5ஐயும் கருவிழித் தடிமனையும் சேர்த்துப் பாருங்கள்

முன் ஏற்பாடு இல்லாமல் பரிசோதனைக்குப் போய் ஒரு நாளும் பஸ் காசும் வீணாகிறவர்கள் நிறைய. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் மென்மையான வகையை ஒன்று முதல் இரண்டு வாரமும், கடினமான வகையை மூன்று நான்கு வாரமும் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தை மாற்றியிருக்கும். அதோடு எடுக்கும் அளவு பொய்யாக வரும். வயது 18 முடிந்திருக்க வேண்டும், கடைசி ஒரு வருடத்தில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது. பழைய கண்ணாடிச் சீட்டைக் கையோடு கொண்டுபோனால் இதை அங்கேயே முடிவு செய்யலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தள்ளிப்போட வேண்டும், அந்தக் காலத்தில் பவர் நிலையாக இருக்காது.

பரிசோதனையில் முக்கியம் கருவிழியின் தடிமனும் அதன் வரைபடமும். வரைபடத்தில் கருவிழி கூம்பாகப் புடைக்கும் அறிகுறி இருந்தால் லேசர் கூடாது. செதுக்கினால் கருவிழி மேலும் இளகிப் பார்வையே கெடும். கண்ணைக் கசக்கும் பழக்கமோ ஒவ்வாமையோ இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

செதுக்கும் ஆழத்தைத் தோராயமாக நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

பவர் × விட்டம் × விட்டம் ÷ 3 = மைக்ரான்

விட்டம் என்பது செதுக்கும் வட்டத்தின் அளவு, மில்லிமீட்டரில். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான் போகும். உண்மையில் மெஷின்கள் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும்.

ஊட்டியில் 24 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது கண் மைனஸ் 8, இடது கண் மைனஸ் 7. இரண்டு கருவிழியும் 505 மைக்ரான். லாசிக்கில் மேலே திறக்கும் மூடி 110 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம்.

வலது கண்ணில் செதுக்குவது 8 × 12 = 96. மூடியோடு சேர்த்து 206. மீதி 299 மைக்ரான். குறைந்தது 250, பலரும் விரும்புவது 300 என்பதால் இது விளிம்பில் நிற்கிறது. மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் தொடக் கூடாது என்பது டாக்டர்கள் பார்க்கும் இன்னொரு அளவுகோல். 206ஐ 505ஆல் வகுத்தால் 40.8 சதவீதம். அந்தக் கோட்டையும் தாண்டிவிட்டது. இடது கண்ணில் 84ம் 110ம் சேர்த்து 194. மீதி 311, விகிதம் 38.4 சதவீதம். இது தேறும்.

இப்போது பாலிசியை எடுங்கள். வலது கண் 7.5க்கு மேல், விலக்கில் மாட்டாது. இடது கண் 7.5க்குக் கீழ், ஒரு பைசாவும் வராது. பாலிசி பணம் தரத் தயாராக இருக்கும் கண்ணை லேசர் ஏற்பதில்லை. லேசர் ஏற்கும் கண்ணுக்கு பாலிசி தருவதில்லை. உயர்ந்த பவரில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பவர் ஏற ஏற செதுக்கும் ஆழமும் ஏறுகிறது.

வட்டத்தை 5.5 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஆழம் குறையுமே என்று சிலர் கேட்பார்கள். குறையும். ஆனால் இருட்டில் கண்மணி அதைவிடப் பெரிதாக விரிகிறவருக்கு, வட்டத்தின் விளிம்பில் வெளிச்சம் சிதறி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். அந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். இப்படிப்பட்ட கண்ணுக்கு, இயற்கை லென்ஸைத் தொடாமல் அதன் முன்னால் கூடுதல் லென்ஸ் ஒன்றை உள்ளே வைக்கும் ஐசிஎல் முறை உண்டு. கண்ணின் முன்னறை ஆழம் போதுமானதா என்று அளந்த பிறகே முடிவு செய்வார்கள். செலவு லேசரைவிட நன்றாகவே கூடுதல். வலது கண் 7.5க்கு மேல் என்பதால் இதற்கு முன் அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

கேட்கும்போது மூன்று இடத்தில் தடை வரும். ஒன்று, 7.5 என்பது சாதாரண பவரா, கருவிழி வளைவு ஒரே சீராக இல்லாததற்காகக் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதும் பவரில் பாதியைச் சேர்த்ததா என்பது. மைனஸ் 6.5ம் சிலிண்டர் மைனஸ் 2ம் இருப்பவருக்குச் சேர்த்தால் 7.5 வரும், சேர்க்காவிட்டால் வராது. எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, பாலிசி எடுத்தபோது படிவத்தில் இந்த உயர் பவரைச் சொன்னீர்களா என்பது. சிறு வயது முதல் இருக்கும் குறைபாடு முன்பே இருந்த நோய்க் கணக்கில் போகும், அதற்குக் காத்திருப்பு 36 மாதம் வரை இருக்கலாம். சொல்லாமல் விட்டிருந்தால் மறைத்தார் என்று எழுதிவிடுவார்கள். மூன்று, `Excl08`, அழகுக்கான சிகிச்சை என்ற விலக்கு. கண்ணாடி போட்டால் மூக்கில் தழும்பு, கல்யாணத்துக்குப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுத விடாதீர்கள். கண்ணாடி போட்டும் பார்வை முழுதாக வரவில்லை, இரு கண் பவரும் வித்தியாசமாக இருப்பதால் தலைவலி என்பது போன்ற மருத்துவக் காரணம் உண்மையாக இருந்தால் அதை டாக்டர் எழுதித் தரட்டும்.

7.5க்குக் கீழ் இருப்பவர்கள், அதாவது கண்ணாடி போடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர், முன் அனுமதிக்கு அலையவே வேண்டாம். முழுச் செலவும் கைப்பணம் என்று முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

## 4. லேசர் முடிந்து மலையேறும்போது

லாசிக் முடிந்த முதல் சில நாள் அந்த மூடி நகராமல் இருக்க வேண்டும். குளிர் ஊரில் இதற்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு: தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும். கழற்றும்போது கம்பளி கண்ணை உரசிக்கொண்டு போகும். அன்றைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் ஸ்வெட்டரும் போட்டுப் போங்கள். தூங்கும்போது கொடுத்த கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூடி திறக்காமல் கருவிழியின் மேற்பரப்பிலேயே செதுக்கும் பிஆர்கே செய்தவர்களுக்கு வெயில்தான் கவலை. உயரம் 1,000 மீட்டர் கூடக் கூட புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் ஏறும். ஊட்டி 2,240 மீட்டர். குளிராக இருப்பதால் வெயில் உறைப்பதில்லை, ஆனால் கதிர் கோயம்புத்தூரைவிடக் கூடுதல். ஆறும் மேற்பரப்பில் அது படிந்தால் கருவிழி மங்கலாம். யுவி 400 என்று போட்ட குளிர்கண்ணாடியை, மேகமூட்ட நாளிலும், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை சில மாதம் போடுங்கள். ஜனவரிக் காற்றும் குமுட்டி அடுப்புப் புகையும் கண்ணை வறட்டும். சொட்டுமருந்தை நினைத்தபோது நிறுத்தாதீர்கள்.

லேசர் செய்த கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். முப்பது நாற்பது வருடம் கழித்து கண்புரை வரும்போது அது தேவைப்படும். செதுக்கிய கருவிழியை வழக்கமான சூத்திரத்தில் போட்டால் லென்ஸ் பவர் தவறி, அறுவைக்குப் பின் தூரப்பார்வைப் பிழை வரும். லேசருக்கு முந்தைய பவர், முந்தைய கருவிழி வளைவு, லேசருக்குப் பிந்தைய பவர் ஆகிய மூன்றும் இருந்தால் கணக்கு நேராக வரும். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேரின் செல்போனில் வைத்துவிடுங்கள்.

## 5. கண்புரை: அளவெடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியது

லென்ஸ் எவ்வளவு விலையானாலும் அளவு தவறினால் வீண். கண்ணின் நீளம், கருவிழி வளைவு இரண்டையும் வைத்துத்தான் லென்ஸ் பவரைப் போடுகிறார்கள். கண் உலர்ந்திருந்தால் வளைவு ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும். இரண்டு அளவுகள் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு வாரம் சொட்டுமருந்து போட்டுவிட்டு மறுபடி வந்து எடுப்பதே சரி. மறுபடி மலையிறங்க வேண்டுமே என்று யாரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

ஆண்கள் புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டால், எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், கட்டாயம் சொல்லுங்கள். அறுவையின்போது கண்மணி சரியாக விரியாமல் சுருங்கிவிடும். டாக்டருக்கு முன்பே தெரிந்தால் அதற்கான ஏற்பாட்டோடு இருப்பார். சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரை ஸ்கேன் எடுக்காமல் லென்ஸ் பேச்சே பேசக் கூடாது. காரணம் அடுத்த பகுதியில்.

## 6. லென்ஸ் தேர்வு: உங்கள் வேலையைச் சொல்லிக் கேளுங்கள்

விலைப் பட்டியலை முன்னால் வைத்து, கீழிருந்து மேலே "நல்லது, அதைவிட நல்லது, மிக நல்லது" என்று காட்டுவார்கள். அப்படிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு லென்ஸும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கும்.

ஒற்றைக் குவிய லென்ஸ் ஒரு தூரத்தை மட்டும் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் தூரத்துக்குப் போடுவார்கள், படிக்கக் கண்ணாடி வேண்டும். பார்வைத் தரம் என்று பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுவதும் இந்த வகைதான்.

டோரிக் லென்ஸ் அதோடு சிலிண்டரையும் சரிசெய்யும். கருவிழியில் ஒன்று ஒன்றரை டயாப்டருக்கு மேல் சிலிண்டர் இருந்தால் இதற்குப் பொருள் உண்டு, அதற்குக் குறைவாக இருந்தால் பணம் வீண். லென்ஸ் குறித்த கோணத்திலேயே நிற்க வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் திருத்தத்தில் சுமார் 3.3 சதவீதம் போய்விடும், 30 டிகிரி திரும்பினால் போட்டும் போடாததுபோல. அதனால்தான் படுக்க வைக்கும் முன் உட்கார வைத்துக் கண்ணில் குறியிடுகிறார்கள், படுத்தால் கண்ணே சற்றுச் சுழலும். அறுவைக்குப் பின் சிலிண்டர் திடீரென்று கூடினால் லென்ஸ் திரும்பியிருக்கலாம். முதல் வாரப் பரிசோதனையைத் தவறவிடாதவருக்கு அதைத் திருப்பி வைப்பது எளிது.

பல குவிய லென்ஸ், மூன்று குவிய லென்ஸ் ஆகியவை வெளிச்சத்தைப் பங்குபோட்டுத் தூரம், நடு, கிட்டம் மூன்றுக்கும் கொடுக்கும். கண்ணாடி பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் பங்குபோட்ட வெளிச்சத்தில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு மங்கும், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். மேட்டுப்பாளையம் குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவிலும், மாலை ஆறு மணி மூடுபனியில், எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பனியே எல்லாவற்றையும் ஏற்கெனவே மங்கலாக்கி வைத்திருக்கும். காய்கறி லாரி, பால் வண்டி, டாக்ஸி ஓட்டுகிறவர்கள், விடியும் முன் கிளம்புகிறவர்கள் இந்த லென்ஸைப் போட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் வேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே குறைந்த வெளிச்ச உணர்வை இது மேலும் குறைக்கும்.

தேயிலை பறிக்கிறவருக்கு வேலை கை எட்டும் தூரத்தில், நடப்பது சரிவில். தூரத்துக்குப் போட்ட ஒற்றைக் குவிய லென்ஸும், படிக்க மட்டும் ஒரு கண்ணாடியும் அவருக்குப் போதும். அந்தக் கண்ணாடியோடு படியிறங்கக் கூடாது, கீழ்ப்படி மங்கித் தவறும். தையல், கணினி வேலை செய்து இரவில் வண்டி ஓட்டாதவருக்கு, நடுத்தூரம் வரை நீட்டிக் கொடுக்கும் ஈடிஓஎஃப் வகையைக் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் வரிசை இது: கூடுதல் பணம் போடுவதானால் முதலில் டோரிக், அதுவும் சிலிண்டர் இருந்தால் மட்டும். மூன்று குவியம் கடைசி.

ஒரு எச்சரிக்கை. பல குவிய லென்ஸ் போட்டபின் பார்வை பிடிக்கவில்லை என்றால் உடனே யாக் லேசருக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்பையில் துளை போட்டுவிட்டால் அந்த லென்ஸை எடுத்து மாற்றுவது மிகச் சிக்கலாகிவிடும். மங்கலுக்குக் காரணம் பையா, லென்ஸா என்று முதலில் தெளிய வேண்டும்.

## 7. ஒரு கணக்கு: கோத்தகிரியில் 63 வயது அம்மா

ஆரோக்ய சஞ்சீவனி, மூன்று லட்சம், மூன்றாம் ஆண்டு. வலது கண்ணில் புரை, கருவிழி சிலிண்டர் 1.75. மூன்று லட்சத்தில் 25 சதவீதம் 75,000, அதைவிட 40,000 குறைவு என்பதால் உச்சவரம்பு 40,000. கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை, உங்கள் எஸ்டிமேட்டை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒற்றைக் குவிய லென்ஸ் பேக்கேஜ் 32,000. பதிவுக் கட்டணம் போன்ற தராத இனங்கள் 800 போக 31,200. அதில் 5 சதவீதம் 1,560 உங்கள் பங்கு. நிறுவனம் தருவது 29,640. கைப்பணம் 2,360.

டோரிக் 52,000. உச்சவரம்பு 40,000, அதில் 5 சதவீதம் போக 38,000 வரும். கைப்பணம் 14,000. ஆனால் எல்லா நிறுவனமும் இப்படித் தருவதில்லை. "நியாயமான, வழக்கமான கட்டணம்" என்றொரு விதி எல்லா பாலிசியிலும் உண்டு. கண்புரைக்கு வழக்கமானது ஒற்றைக் குவிய லென்ஸ்தான் என்று அதைப் படித்து 29,640 மட்டும் தந்தால் கைப்பணம் 22,360.

மூன்று குவிய டோரிக் 96,000. நல்லபடி போனால் கைப்பணம் 58,000. மேலே சொன்ன விதியை வைத்து வெட்டினால் 66,360. இரண்டு கண்ணுக்கும் என்றால் 1,16,000 முதல் 1,32,720 வரை.

மூன்று லட்ச ரூபாய் பாலிசி இருந்தும், விலை உயர்ந்த லென்ஸில் பாதிக்கு மேல் கையிலிருந்து போகிறது. லென்ஸின் விலை ஏறினாலும் நிறுவனம் தருவது ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. இந்த அம்மா வண்டி ஓட்டுவதில்லை, தைக்கிறார், படிக்கிறார். சிலிண்டர் 1.75 என்பதால் டோரிக் போட்டுப் படிக்கக் கண்ணாடி வைத்துக்கொண்டால், கொடுக்கும் 14,000க்கோ 22,360க்கோ பலன் உண்டு. அதற்குமேல் ஒரு கண்ணுக்கு 44,000 ரூபாய் படிக்கும் கண்ணாடியைத் தவிர்க்க மட்டும். அந்த முடிவு அவருடையது, ஆனால் தொகை தெரிந்து எடுக்க வேண்டும்.

## 8. அறுவைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்

எஸ்டிமேட்டில் லென்ஸ் விலையும் அறுவைக் கட்டணமும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே தொகையாக எழுதினால் எதை வெட்டினார்கள் என்று பின்னால் வாதாட முடியாது.

உங்கள் பாலிசிக்குக் கேஷ்லெஸ் உண்டா என்று கேட்கும்போது ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், எந்தக் கிளை என்றும் சொல்லுங்கள். ஒரு கிளை பட்டியலில் இருந்து இன்னொன்று இல்லாமல் போவது உண்டு. திட்டமிட்ட அறுவைக்கு 48 மணி நேரம் முன்பே தெரிவிப்பது வழக்கம். முன் அனுமதியில் வந்த தொகையைப் பார்த்துவிட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டபிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். "வித்தியாசத்தை நானே ஏற்கிறேன்" என்ற தாளில் தொகை நிரப்பாமல் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம்.

கையோடு வாங்கி வர வேண்டியவை: லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கர், லென்ஸ் பில், கண் நீளம் அளந்த அறிக்கை, அறுவைக்கு முன் பார்வை எவ்வளவு என்று எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கம். ஸ்டிக்கரில் மாடல், பவர், வரிசை எண் இருக்கும். எஸ்டிமேட்டில் சொன்ன மாடலும் அதுவும் ஒன்றா என்று அங்கேயே ஒப்பிடுங்கள். பணம் கட்டிவிட்டுப் பின்னால் கேட்பவர்களுக்கு ஆரோக்ய சஞ்சீவனியில் டிஸ்சார்ஜிலிருந்து 30 நாள் கெடு. மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடும், தபாலை நம்பாமல் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். முடிந்தால் அறுவையையே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்காமல் இருப்பது நல்லது, மறுநாள் பரிசோதனைக்கும் வாரப் பரிசோதனைக்கும் நீங்கள் இறங்கியாக வேண்டும்.

## 9. வீடு திரும்பிய முதல் வாரம்

மறுநாள் பரிசோதனை முடியும்வரை கீழேயே தங்குங்கள். வலி கூடிக்கொண்டே போவது, கண் சிவப்பது, நேற்றுத் தெரிந்தது இன்று மங்குவது ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் அது உள்ளே கிருமித் தொற்றாக இருக்கலாம். முதல் வாரத்தில் வந்தால் காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றிரவே இறங்குங்கள். சில மணி நேரத் தாமதமே பார்வையைப் பறித்துவிடும்.

அறுவையின்போது சிக்கல் வந்து விழித்திரைக்கும் அறுவை செய்து கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், மலையேறவே கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும். வாயு முழுதும் கரைந்தது என்று டாக்டர் எழுதித் தரும்வரை சமவெளியில் தங்க இடம் பாருங்கள். உங்கள் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் அவருக்கு நினைவுபடுத்த வேண்டும்.

## 10. தொகையை வெட்டினால்

முதலில் வெட்டியதற்கான காரணத்தை, எந்த விதியின்படி என்ற எண்ணோடு, எழுத்தில் கேளுங்கள். உச்சவரம்பின்படி வெட்டியிருந்தால் வாதாடப் பயனில்லை. பாலிசியில் பல குவிய லென்ஸ் கிடையாது என்று எழுதாமலே, உச்சவரம்புக்குள்ளேயே "வழக்கமான கட்டணம்" என்று சொல்லி வெட்டியிருந்தால் வாதாட இடம் உண்டு. மேலே கண்ட டோரிக் கணக்கில் 38,000க்கும் 29,640க்கும் இடையிலான 8,360 அப்படிப்பட்டது. கருவிழி சிலிண்டர் அளவு அறிக்கையை இணைத்து, இந்தக் கண்ணுக்கு டோரிக் ஏன் மருத்துவத் தேவை என்று டாக்டரிடம் நாலு வரி வாங்கி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். மனுவில் லென்ஸ் ஸ்டிக்கரின் நகல், பிரித்துக் காட்டிய பில், முன் அனுமதிக் கடிதம், வெட்டியதற்கான கடிதம் ஆகிய நான்கையும் தேதி வரிசைப்படி வையுங்கள்.